டொலர் ஒப்ஷன் விலையில் ஏன் இரண்டு வட்டி?

கேள்வி: “வந்தாறுமூலையில் முகாமைத்துவம் படிக்கிறேன். ஸ்பொட் 300 ரூபாய், ஸ்ட்ரைக் 300, ஆறு மாதம், ரூபாய் வட்டி 8%, டொலர் வட்டி 4%, வொலட்டிலிட்டி 8%. பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டில் போட்டால் டொலர் கோல் ஒப்ஷனுக்கு 14.11 வருகிறது. விடைத்தாளில் 9.89 என்று இருக்கிறது. புட் வெறும் 4.06. ஸ்பொட்டும் ஸ்ட்ரைக்கும் ஒன்றாக இருக்கும்போது இவ்வளவு வித்தியாசம் எப்படி? டொலர் வட்டி எதற்கு வருகிறது? யாராவது விளங்கப்படுத்துவீர்களா?”

விடைத்தாள் சரி. உங்கள் கணக்கில் பிழை இருப்பது ஒரே ஒரு இடத்தில்தான், ஆனால் அது அடிப்படையான இடம். டொலரை வட்டி எதுவும் தராத ஒரு பங்கு போல நினைத்துப் போட்டிருக்கிறீர்கள். கொழும்பில் ஒரு வங்கியின் திறைசேரிப் பிரிவில் பல வருடம் இந்தக் கணக்கோடுதான் வேலை செய்தேன், இப்போது கல்முனையில் பாடம் எடுக்கிறேன். இந்த இடத்தில் தடுமாறாத மாணவர் குறைவு. அதனால் கொஞ்சம் ஆறுதலாகவே எழுதுகிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு: கோல் ஒப்ஷன் என்பது முன்கூட்டியே குறித்த விலைக்கு டொலர் வாங்கும் உரிமை, புட் விற்கும் உரிமை. அந்தக் குறித்த விலை ஸ்ட்ரைக், இன்றைய விலை ஸ்பொட், விலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு வொலட்டிலிட்டி.

கட்டாரில் வேலை செய்யும் மகன் அனுப்பும் டொலரை ஏறாவூரிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கும் ஒரு தாய் ரூபாயாக மாற்றாமல் வெளிநாட்டு நாணயக் கணக்கில் போட்டு வைக்கிறார் என்று எடுங்கள். அந்த டொலருக்கு டொலரிலேயே வட்டி சேரும். ஆகவே ஆறு மாதத்துக்குப் பிறகு கையில் சரியாக 1 டொலர் இருக்க வேண்டுமென்றால் இன்றைக்கு 1 டொலர் வாங்கத் தேவையில்லை. ஒவ்வொரு கணமும் வட்டிக்கு வட்டி சேரும் 4% தொடர் வட்டியில் 0.9802 டொலர் போதும், மிச்சத்தை வட்டி நிரப்பிவிடும். ரூபாயில் சொன்னால் 300 ரூபாய் வேண்டாம், 294.06 ரூபாய் போதும். நீங்கள் போட்ட 14.11இல் அந்த 294.06 வர வேண்டிய இடத்தில் 300 நிற்கிறது. டொலர் வட்டி செய்கிற வேலை அவ்வளவுதான்.

பிளாக், ஷோல்ஸ் இருவரும் 1973இல் சமன்பாட்டை வெளியிட்டபோது அவர்கள் எடுத்துக்கொண்டது டிவிடெண்ட் தராத பங்கை. அதே வருடம் மெர்ட்டன் தொடர்ச்சியாக டிவிடெண்ட் தரும் பங்குக்கு அதை விரித்தார். 1982 டிசம்பரில் பிலடெல்பியா பங்குச் சந்தை நாணய ஒப்ஷன்களை வியாபாரத்துக்கு விட்டது. அடுத்த வருடம், 1983இல், மார்க் கார்மனும் ஸ்டீவன் கோல்ஹேகனும் நாணயத்துக்கான வடிவத்தை எழுதினார்கள். கணிதமாகப் பார்த்தால் அது மெர்ட்டனின் சமன்பாடுதான், டிவிடெண்ட் வீதம் இருந்த இடத்தில் வெளிநாட்டு வட்டி வந்திருக்கிறது. உங்கள் பாடத்தில் கார்மன்-கோல்ஹேகன் என்ற பெயரில் இருப்பது இதுதான்:

```
d1 = ( ln(S/K) + (rd - rf + σ²/2)·T ) / (σ·√T)
d2 = d1 - σ·√T
C  = S·e^(-rf·T)·N(d1) - K·e^(-rd·T)·N(d2)
P  = K·e^(-rd·T)·N(-d2) - S·e^(-rf·T)·N(-d1)
```

rd என்பது உள்நாட்டு வட்டி, இங்கே ரூபாய் வட்டி. rf வெளிநாட்டு வட்டி, இங்கே டொலர் வட்டி. S ஸ்பொட், K ஸ்ட்ரைக், T வருடத்தில் சொன்ன காலம், σ வொலட்டிலிட்டி, N() என்பது இயல்நிலை வளைவின் கீழ் அந்த எண் வரையுள்ள பரப்பு. உங்கள் எண்களையே போடுவோம். S, K இரண்டும் 300 என்பதால் ln(S/K) பூச்சியம். வட்டி வித்தியாசம் 0.04, அதோடு σ²/2 என்ற 0.0032ஐக் கூட்டி அரை வருடத்தால் பெருக்கினால் 0.0216. கீழே σ√T என்பது 0.08 × 0.7071, அதாவது 0.05657. ஆகவே d1 = 0.3818, d2 = 0.3253. அட்டவணையில் N(d1) = 0.6487, N(d2) = 0.6275. முதல் துண்டு 294.06 × 0.6487 = 190.76. இரண்டாம் துண்டில் 300ஐ ரூபாய் வட்டிப்படி இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்தால் 288.24, அதை 0.6275ஆல் பெருக்கினால் 180.87. கழித்தால் 9.89. அதே வழியில் புட் 4.06.

இந்த இரண்டு துண்டையும் வெறும் எண்ணாகப் பார்க்க வேண்டாம். ஒப்ஷனை விற்ற வங்கி அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை அதற்குள் இருக்கிறது. மருதமுனையில் கைத்தறிக்கு நூல் இறக்குமதி செய்யும் ஒருவர் ஆறு மாதத்தில் 10,000 டொலர் கட்ட வேண்டியிருக்கிறது, 300 ரூபாய்க்கு மேல் போனால் தாங்காது என்று ஒரு கோல் ஒப்ஷன் வாங்குகிறார் என்று வைப்போம். வங்கிக்குப் பிரீமியமாகக் கிடைப்பது 98,900 ரூபாய் அளவு. விற்றவுடன் வங்கி 6,359 டொலர் வாங்கி டொலர் வட்டிக்குப் போட வேண்டும். அதற்கு வேண்டிய சுமார் 19 லட்சத்து 8 ஆயிரம் ரூபாயில், வாங்கிய பிரீமியம் போக மீதி 18 லட்சத்து 9 ஆயிரத்தை 8% வட்டிக்குக் கடன் எடுக்க வேண்டும். பிறகு டொலர் ஏறினால் இன்னும் வாங்குவது, இறங்கினால் கொஞ்சம் விற்பது என்று முடிவு நாள் வரை சரிசெய்துகொண்டே போகும். ஒரு பக்கம் டொலர் வைப்பில் வட்டி வருகிறது, மறுபக்கம் ரூபாய்க் கடனுக்கு வட்டி போகிறது. இரண்டும் உண்மையான பணம். சமன்பாட்டில் இரண்டு வட்டி வருவதற்குக் காரணம் இதுவே.

6,359 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். N(d1)ஐ மட்டும் எடுத்தால் 6,487 வரும். அதையும் e^(-rf·T)ஆல் பெருக்க வேண்டும். விலையைச் சரியாகக் கணித்துவிட்டு, வாங்கி வைக்க வேண்டிய டொலர் அளவான டெல்டாவில் இந்தப் பெருக்கலை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். 128 டொலர்தானே என்று தோன்றும். ஆனால் ஐந்து வருட ஒப்ஷன் என்றால் இந்த இடைவெளி பெரிதாகிவிடும்.

உங்கள் 14.11 பிழை என்பதை விடைத்தாள் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். இந்தச் சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஸ்ட்ரைக்கில் ஒரு கோலை வாங்கி ஒரு புட்டை விற்றால், முடிவு நாளில் டொலர் எங்கே நின்றாலும் நீங்கள் 300க்கு ஒரு டொலர் வாங்கியே தீருவீர்கள். அதாவது அது ஒரு ஃபோர்வர்ட் ஒப்பந்தம். ஆகவே கோல் விலையிலிருந்து புட் விலையைக் கழித்து, முடிவு நாள் பெறுமதிக்குக் கொண்டுபோய், ஸ்ட்ரைக்கோடு கூட்டினால் சந்தை ஃபோர்வர்ட் வீதம் வர வேண்டும். சரியான விலைகளில் வித்தியாசம், தசமங்களை வெட்டாமல் எடுத்தால், 5.82 ரூபாய், ஆறு மாத வட்டியோடு 6.06, ஸ்ட்ரைக்கோடு சேர்த்து 306.06. ஃபோர்வர்ட்டைத் தனியாகக் கணித்துப் பாருங்கள்: 300ஐ e^(0.04 × 0.5)ஆல் பெருக்கினால் அதே 306.06.

டொலர் வட்டியை விட்டுவிட்டால் கோல் 14.11, புட் 2.35. அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் ஃபோர்வர்ட் 312.24. சந்தையில் 306.06க்கு ஃபோர்வர்ட்டில் டொலர் வாங்கலாம் என்றால், உங்கள் விலைக்கு ஒருவர் உங்களிடம் கோலை விற்றுப் புட்டை வாங்குவார். அது ஆறு மாதத்தில் 312.24க்கு டொலர் விற்பதற்குச் சமம். ஒரு டொலருக்கு 6.18 ரூபாய், டொலர் எங்கே போனாலும் அவருக்கு ஆபத்தே இல்லை. அந்த 6.18 உங்கள் சட்டைப்பையிலிருந்து போகிறது. திறைசேரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் எந்த விலையைத் தந்தாலும் முதலில் அதற்குள் இருக்கும் ஃபோர்வர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்வேன். பிழையான விலை ஒன்று பெரும்பாலும் அங்கேயே அகப்பட்டுவிடும்.

கோலும் புட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்ற உங்கள் மற்றக் கேள்விக்கும் விடை அந்த 306.06தான். ஸ்பொட் 300, ஸ்ட்ரைக் 300 என்பதால் இரண்டும் நடுவில் நிற்பதாகத் தெரிகிறது. ஆனால் ஒப்ஷன் தீர்க்கப்படுவது ஆறு மாதம் கழித்து. அந்த நாளுக்கு நடுப்புள்ளி 306.06. அதோடு ஒப்பிட்டால் 300க்கு வாங்கும் உரிமை ஏற்கெனவே ஆறு ரூபாய் லாபத்தில் இருக்கிறது, 300க்கு விற்கும் உரிமை ஆறு ரூபாய் பின்னால் இருக்கிறது. ஸ்ட்ரைக்கை 306.06 ஆக வைத்துக் கணித்தால் கோலும் புட்டும் ஒரே விலையாக வரும், செய்து பாருங்கள். அதனால் வேலை செய்யும் இடங்களில் பலர் சமன்பாட்டை ஃபோர்வர்ட்டை வைத்தே எழுதுகிறார்கள். F என்பது S·e^((rd-rf)·T) என்று எடுத்தால் விலை இப்படிச் சுருங்கும்:

```
C = e^(-rd·T) · ( F·N(d1) - K·N(d2) )
```

இங்கே ஒரு எச்சரிக்கை. 306.06 என்பது டொலர் அங்கே போகும் என்ற எதிர்வுகூறல் இல்லை. இரண்டு வட்டியும் ஸ்பொட்டும் சேர்ந்து கட்டாயப்படுத்தும் எண் அது. N(d2) = 0.6275 என்பதையும் “டொலர் 300க்கு மேல் போக 63% வாய்ப்பு” என்று எழுதிவிடாதீர்கள். விலை கணிக்கப் பயன்படும் நிகழ்தகவு அது, நாட்டில் நடக்கப்போவதன் நிகழ்தகவு இல்லை. பரீட்சைத் தாள்களில் இந்த வாக்கியத்தை அடிக்கடி வெட்டியிருக்கிறேன்.

இனி எண்களைப் போடும்போது வரும் சிக்கல்கள். சமன்பாடு கேட்பது தொடர் வட்டி. வங்கி சொல்வது பெரும்பாலும் எளிய வட்டி, ஆறு மாதத்துக்கு 8% என்றால் 100 ரூபாய் 104 ஆகும் என்ற கணக்கு. உங்கள் 8%உம் 4%உம் அப்படிச் சொல்லப்பட்டவை என்றால் கழிவுக் காரணிகள் 1/1.04, 1/1.02 ஆகும். ஃபோர்வர்ட் 305.88, கோல் 9.78. சுமார் பத்துச் சதம்தான் வித்தியாசம், ஆனால் 10,000 டொலருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். கேள்வித்தாள் எது என்று சொல்லாவிட்டால், எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எந்த வட்டியைப் போடுவது என்பது இதைவிடப் பெரிய விஷயம். திறைசேரி உண்டியல் வீதத்தையும் அமெரிக்க வட்டியையும் எடுத்துப் போட்டால் கிடைக்கும் ஃபோர்வர்ட், வங்கி உண்மையில் தரும் ஃபோர்வர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாட்டில் டொலர் தட்டுப்பாடாக இருந்தால் அந்தத் தட்டுப்பாடும் ஃபோர்வர்ட் விலைக்குள் ஏறும். அந்த நேரத்தில் வங்கியிடம் ஃபோர்வர்ட் வீதத்தை நேரடியாகக் கேட்டு, அதை F ஆகப் போட்டு, ரூபாய் வட்டியை மட்டும் இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவருவதற்கு வைத்துக்கொள்வதே நல்லது. அப்போது டொலர் வட்டியைத் தனியாகத் தேட வேண்டியதில்லை, அது ஃபோர்வர்ட்டுக்குள்ளேயே இருக்கிறது.

எது உள்நாடு, எது வெளிநாடு என்பதிலும் பலர் தடுமாறிவிடுவார்கள். நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு டொலருக்கு இத்தனை ரூபாய் என்று விலை சொன்னால் ரூபாய் உள்நாடு, டொலர் வெளிநாடு. விலை எந்த நாணயத்தில் வருகிறதோ அதன் வட்டிதான் rd. உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. 300 ரூபாய்க்கு ஒரு டொலர் வாங்கும் உரிமை என்பது 300 ரூபாயை ஒரு டொலருக்கு விற்கும் உரிமையும்தான். அதை நியூயோர்க்கில் இருப்பவர் பார்வையில் ஒரு புட்டாகக் கணியுங்கள்: ஸ்பொட் 1/300, ஸ்ட்ரைக் 1/300, rd 4%, rf 8%. ஒரு ரூபாய்க்கு வரும் விலையை 300ஆல் பெருக்கினால் 0.03296 டொலர் வரும். அதை 300 ரூபாய் வீதத்தில் மாற்றினால் மறுபடி 9.89. இரண்டில் ஒரு கணக்கில் மட்டும் வட்டிகளை மாற்றிப் போட்டிருந்தால் இரண்டு விடையும் ஒத்துப்போகாது.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபோர்வர்ட்டும், கோல்-புட் உறவும், இரண்டு வட்டியின் இடமும் எந்த மாதிரியையும் நம்பி நிற்பவை அல்ல, இலவச லாபம் கிடையாது என்ற ஒன்றில் மட்டும் நிற்கின்றன. சந்தேகம் தொடங்குவது σவில். சமன்பாடு அது முடிவு நாள் வரை மாறாது என்றும், டொலர் விலை துள்ளாமல் சிறிது சிறிதாகவே அசையும் என்றும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் உதாரணத்தில் σ ஒரு சதவீதப் புள்ளி கூடினால் கோல் சுமார் 77 சதம் கூடும். அதாவது 8%க்குப் பதில் 10% என்று நினைத்தால் விலை ஒன்றரை ரூபாய் மாறும். எளிய வட்டி, தொடர் வட்டிக் குழப்பம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. யூரோ-டொலர் போன்ற நாணயங்களில் σவை ஊகிக்க வேண்டியதில்லை, சந்தை விலையே அதைச் சொல்லும். அங்கேயும் ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் வேறு வேறு σ வரும், மாதிரி முழுச் சரி இல்லை என்பதற்குச் சந்தை தருகிற சாட்சி அது. நம் ரூபாய்க்கு அப்படித் திறந்த, ஆழமான ஒப்ஷன் சந்தை இல்லாததால் பழைய விலைகளைப் பார்த்தே σவைக் கணிக்க வேண்டியிருக்கிறது.

அது எவ்வளவு ஆபத்து என்று நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு காலத்தை வைத்தே காட்டலாம். 2022 மார்ச் தொடக்கம் வரை பல மாதங்கள் உத்தியோகபூர்வ டொலர் விலை 200 ரூபாயை ஒட்டியே பிடித்து வைக்கப்பட்டிருந்தது. பெப்ரவரி நடுவில் ஒருவர் கடந்த மூன்று மாத விலைகளை எடுத்து σ கணித்திருந்தால் ஏறக்குறைய பூச்சியம் வந்திருக்கும். தாராளமாக 2% என்றே வைப்போம். ஸ்பொட் 202, ஸ்ட்ரைக் 220, மூன்று மாதம், ரூபாய் வட்டி 8%, டொலர் வட்டி 0.5% என்று போட்டால் கோல் விலை பூச்சியம். σவை இரட்டிப்பாக்கி 4% என்றாலும் ஒரு சதம்கூட வராது. மார்ச்சில் மத்திய வங்கி பிடியை விட்டது, மே நடுவில் டொலர் 360 ரூபாய் அளவில் நின்றது. ஒரு டொலருக்கு 140 ரூபாய் தரும் உரிமைக்குச் சமன்பாடு சொன்ன விலை ஒன்றுமில்லை. கூட்டலிலோ பெருக்கலிலோ தவறு இல்லை, விலை பிடித்து வைக்கப்பட்ட நாணயம் துள்ளும் என்பது மாதிரிக்குள் இல்லவே இல்லை.

அந்த மாதங்களில் இன்னொரு எடுகோளும் உடைந்திருந்தது. மேலே சொன்ன வங்கி, டொலர் ஏறினால் வாங்கி இறங்கினால் விற்றுக்கொண்டே போகும் என்றேன். வங்கிகளில் அறிவித்த விலைக்கு டொலர் கிடைக்காத நாளில் அந்தச் சரிசெய்தல் நடக்காது. சரிசெய்ய முடியாவிட்டால் 9.89 என்ற விலைக்கு ஆதாரமாக நிற்கும் வாதமும் இல்லை. அதனால் ஒரு நாணயத்துக்கு இந்தச் சமன்பாட்டைப் போடும் முன் நான் பார்ப்பது இரண்டு விஷயம்: விலை சுதந்திரமாக அசைகிறதா, அந்த விலைக்கு உண்மையில் வாங்கி விற்க முடிகிறதா. இரண்டில் ஒன்று இல்லை என்றாலும், பழைய விலையிலிருந்து வந்த σவை ஓரமாக வைத்துவிட்டு, “பிடி விட்டால் எங்கே போகும், அதற்கு எவ்வளவு வாய்ப்பு” என்று தனியாகக் கணக்குப் போடுவேன்.

சின்னதாக இன்னொன்று. இந்தச் சமன்பாடு முடிவு நாளில் மட்டும் பயன்படுத்தக்கூடிய ஐரோப்பிய வகை ஒப்ஷனுக்கு. எந்த நாளும் பயன்படுத்தலாம் என்ற அமெரிக்க வகைக்கு இப்படி மூடிய வடிவ விடை கிடையாது, பைனோமியல் மரம் போன்ற எண்முறை வேண்டும். உங்கள் உதாரணத்தில் டொலர் வட்டி குறைவு என்பதால் கோலில் பெரிய வித்தியாசம் வராது. புட் வேறு மாதிரி. டொலர் நன்றாக இறங்கிவிட்டால், வாழைச்சேனையிலிருந்து இறால் ஏற்றுமதி செய்யும் ஒருவர் தன் டொலரை அப்போதே 300க்கு விற்று, வரும் ரூபாயை 8%க்குப் போடுவது லாபமாக இருக்கும். அந்த முன்கூட்டிய உரிமைக்குப் பெறுமதி இருப்பதால் அமெரிக்க வகைப் புட் 4.06ஐவிடக் கூட வரும்.

உங்கள் ஒப்படைக்கு: கோல், புட் இரண்டையும் கணித்து, அவற்றிலிருந்து ஃபோர்வர்ட்டை எடுத்து 306.06 வருகிறதா என்று காட்டி, வட்டி தொடர் வட்டி என்று எடுத்ததைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். எக்ஸெலில் செய்வதானால் d1இன் பெறுமதியை D1 கலத்தில் வைத்துவிட்டு, N(d1)க்கு `=NORM.S.DIST(d1,TRUE)`. TRUE என்பதை FALSE என்று போட்டால் 0.3709 வரும், அது வளைவின் உயரம், நமக்கு வேண்டிய பரப்பு இல்லை.